ஓ.டி.பி. சொன்னால் பெட்டி நன்றாக இருந்ததாக அர்த்தமா? கூரியர் நிறுவனத்தின் மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

"ஓ.டி.பி. பகிரப்பட்டுள்ளதால் பார்சல் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படுகிறது. புகார் முடித்துவைக்கப்பட்டது."

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் தையல் தொழில் செய்யும் பெண்மணிக்கு உங்கள் நிறுவனம் அனுப்பிய பதில் இவ்வளவுதான். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக அவர் இணையத்தில் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய டேப்லெட் 18,999 ரூபாய். வந்து சேர்ந்தது ஓட்டுத் துண்டும் பழைய செய்தித்தாளும். அந்தப் பெட்டி வாசலுக்கு வந்த கோலத்தை நானே பார்த்தேன். அதனால்தான் இந்த மடலை நான் எழுதுகிறேன்.

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரித்து ஒட்டிய உறையையும், அவிழ்த்துக் கட்டிய பையையும் அடையாளம் காண்பது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு என்று வந்தால் அதை எழுதவேண்டிய இடம் வேறு. தவிரவும் இதே பழக்கம் உங்கள் போட்டியாளர்களிடமும் இருக்கிறது. நீங்கள் முதலில் மாறினால் அவர்களும் மாறுவார்கள் என்று நம்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை உங்கள் டெலிவரி ஊழியர் தெரு முனையிலிருந்தே அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டார். இவரும் சொன்னார். ஊழியர் வண்டியை நிறுத்தி, பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டுவதற்குள் உங்கள் கணினியில் டெலிவரி முடிந்துவிட்டது. பெட்டியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அது நல்ல நிலையில் வந்ததற்கு அவர் சாட்சி சொல்லியாகிவிட்டது. அந்த எண்ணைச் சொல்லும்போது தான் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் குறுஞ்செய்தியிலும் அது இல்லை. "பார்சலைப் பெற இந்த எண்ணைப் பகிரவும்" என்று மட்டும்தான் இருந்தது. அதை நான் வாசித்துப் பார்த்தேன்.

பெட்டியை வாங்கியதும் அவருக்கே சந்தேகம் தட்டி, "மாமா, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார். ஊழியர் இன்னும் வாசலில்தான் நின்றார். நான் கண்டது இது. பெட்டியின் மேல்பக்கத்தில் விற்பனை நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டேப், ஓரம் முதல் ஓரம் வரை நடுவில் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. அதன் மேல் கடையில் விற்கும் சாதாரணப் பழுப்பு நிற டேப் ஒட்டப்பட்டிருந்தது. பழுப்பு டேப்பின் ஒரு முனை முகவரி லேபிளின் ஓரத்தின் மேல் ஏறியிருந்தது. லேபிள் ஒட்டிய பிறகுதான் அந்த டேப் ஒட்டப்பட்டது என்பதற்கு அதுவே போதும். விற்றவர் ஒட்டியிருந்தால் டேப் அடியிலும் லேபிள் மேலேயும் இருந்திருக்கும்.

டேப் கிழிவதெல்லாம் திருட்டு அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். மழையில் நனைந்த பெட்டியில் டேப் அலையலையாக உப்பிக் கிளம்பும், அடியில் அட்டையின் மேல்தாள் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு வரும். வண்டியில் மேலிருந்து பாரம் அழுத்தினால் மூலைதான் முதலில் வாய் பிளக்கும், கிழிசல் கோணல்மாணலாக இருக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்த பெட்டிகள் பலவும் அப்படித்தான் இருந்தன. யாரும் திருட்டுப் பட்டம் கட்டவில்லை. பிளேடு போட்ட டேப் அப்படி இருக்காது. வெட்டு இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடும், அட்டையில் ஒரு மெல்லிய கீறல் விழும், மூலைகள் நலுங்காமல் இருக்கும். இந்தப் பெட்டியின் நான்கு மூலைகளும் புதிதாக இருந்தன. நடுவில் மட்டும் வெட்டு.

அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். கைவரிசை காட்டுகிறவர்களில் விவரமானவர்கள் மேல்பக்கத்தைத் தொடுவதில்லை. வாங்குகிறவர் கண் மேல்பக்கத்திலேயே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சூடு காட்டி டேப்பை முழுதாக உரித்து அதையே திரும்ப ஒட்டுவதும் உண்டு. அப்போது வெட்டு தெரியாது. ஆனால் டேப்பின் அடியில் தூசியும் காகித நாரும் சிக்கி மங்கலாக இருக்கும், ஓரங்கள் சுருண்டிருக்கும், விரல் நகத்தால் நெருடினால் எளிதாகக் கிளம்பும். இந்தப் பெட்டியின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. இதைப் பிரித்தவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அடுத்து எடை. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள், புகார் கொடுப்பவர்களும் சேர்த்து. உங்கள் லேபிளில் 0.96 கிலோ என்று இருந்தது. எதிரே உள்ள பலசரக்குக் கடையின் மின்னணுத் தராசில் ஊழியரின் கண் முன்னாலேயே பெட்டியை வைத்தோம். 540 கிராம். லேபிளைக் காட்டி "420 கிராம் குறைகிறது" என்று அப்போதே கூச்சல் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வாதம் நிற்காது. பெட்டியை அளவு நாடாவால் அளந்தோம். நீளம் 30, அகலம் 20, உயரம் 8 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 4,800. அதை 5,000-ஆல் வகுத்தால் 0.96. அதாவது உங்கள் லேபிள் சொன்னது தராசு எடை அல்ல, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டணம் போடுவதற்காகக் கணக்கிட்ட எடை. உள்ளே பஞ்சு இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு லேபிளில் 0.96 தான் வரும். இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எனவே வேறு கணக்குப் போட்டோம். டேப்லெட்டின் எடை 480 கிராம் என்று தயாரிப்பாளர் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறார். பெட்டியின் மொத்த எடையான 540-இல் 480 போனால் மீதி 60 கிராம். வெளிப்பெட்டி, உள்பெட்டி, சார்ஜர், வயர் எல்லாம் 60 கிராமுக்குள் அடங்குமா? வெளி அட்டைப்பெட்டி மட்டுமே பிற்பாடு தனியாக நிறுத்தபோது 170 கிராம் இருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே, உள்ளே டேப்லெட் இல்லை என்பது வாசலிலேயே நிச்சயமாகிவிட்டது.

பெட்டியைத் திரும்ப எடுத்துச் செல்லுமாறு ஊழியரைக் கேட்டோம். அவர் தன் போனைக் காட்டினார். டெலிவரி ஆகிவிட்ட பார்சலைத் திரும்ப எடுக்க அதில் வழியில்லை. ஓ.டி.பி. போடுவதற்கு முன் என்றால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அடுத்த பார்சலைத் திறந்து, திருப்புவதற்கான காரணங்களின் பட்டியலைக் காட்டினார். வாடிக்கையாளர் மறுத்தார், வீடு பூட்டியிருக்கிறது, முகவரி தவறு, பணம் தயாராக இல்லை. பெட்டி சேதம் என்றோ, டேப் பிரிந்திருக்கிறது என்றோ ஒரு வரி இல்லை. ஆகவே உஷாராக இருந்து வாங்க மறுத்தவர்கூட உங்கள் ஏட்டில் மனம் மாறியவராகத்தான் பதிவாகிறார். வெட்டிய பெட்டி எத்தனை வாசல் வரை போகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

"பெட்டி இந்த நிலையில் வந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் தம்பி" என்றேன். "எழுதிக் கொடுத்தால் என் ஐ.டி.யை முடக்கிவிடுவார்கள் அண்ணாச்சி. எடை போட்டதை வேண்டுமானால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் நிற்கிறேன்" என்றார். நின்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர், விக்கிரமசிங்கபுரம் வரை போய்த் திரும்பவேண்டிய வெயிலில் எங்களுக்காக நின்றார். தெரு முனையிலேயே ஓ.டி.பி. கேட்பதும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அந்த அவசரத்தை அவர் மீது ஏற்றியவர் நீங்கள்.

அவர் போன பிறகும் உடனே பிரித்துவிடவில்லை. ஆறு பக்கமும் படம் எடுத்தோம். டேப்பின் வெட்டு, லேபிளின் மேல் ஏறிய முனை, பார்கோடு எண் மூன்றையும் கிட்டத்தில் வைத்து எடுத்தோம். அந்தப் படங்களுடன் விற்பனை நிறுவனத்துக்கும் உங்களுக்கும் அந்த நிமிடமே புகார் அனுப்பினோம். பெட்டி பிரிக்கப்படுவதற்கு முன்பே புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். அதற்குப் பிறகுதான் பிரித்தோம். அதையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம். லேபிளில் தொடங்கி, ஆறு பக்கத்தையும் காட்டி, வெட்டுப்பட்ட மேல்பக்கத்தைத் தொடாமல் அடிப்பக்கம் வழியாகத் திறந்தோம். மேல்பக்கம் சாட்சி. சாட்சியை நாமே கத்தியால் வெட்டக் கூடாது. ஆர்.எம்.எஸ்.ஸில் முத்திரை சந்தேகமாக இருக்கும் பையை மேற்பார்வையாளர் முன்னிலையில்தான் அவிழ்ப்போம். முடிச்சையும் முத்திரையையும் தொடாமல் கயிற்றை மட்டும் அறுப்போம். பிறகு பை, கயிறு, முத்திரை, லேபிள் எல்லாவற்றையும் எடுத்து வைப்போம். பழகிய கை அதைத்தான் செய்தது.

உள்ளே டேப்லெட்டின் பெட்டி இருந்தது. அதன் ஸ்டிக்கர் முத்திரையிலும் அதே நேர்கோட்டு வெட்டு. அதற்குள் உடைந்த தரை ஓட்டுத் துண்டு ஒன்று, அது உருளாமல் இருக்கச் செய்தித்தாள் சுற்றியிருந்தது. சார்ஜர்கூட இல்லை.

அந்தச் செய்தித்தாளைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும். அது ஒரு தமிழ் நாளிதழின் நெல்லைப் பதிப்பு. சேரன்மகாதேவி வட்டாரச் செய்திகள் வந்த பக்கம். தேதி, டெலிவரிக்கு முந்தைய நாளான வியாழக்கிழமை. இனி உங்கள் டிராக்கிங் பக்கம் சொல்வதைப் பாருங்கள். பார்சல் ஹரியானாவில் உள்ள விற்பனைக் கிடங்கை விட்டுக் கிளம்பியது அதற்கு முந்தைய சனிக்கிழமை. பாளையங்கோட்டையில் உள்ள உங்கள் ஹப்புக்கு வந்தது புதன்கிழமை இரவு. அங்கிருந்து அம்பைக்குக் கிளம்பியது வெள்ளிக்கிழமை விடியலில். வியாழக்கிழமை முழுவதும் அது உங்கள் ஹப்பில்தான் கிடந்தது. வியாழக்கிழமை நெல்லையில் அச்சான தாள், சனிக்கிழமை ஹரியானாவில் மூடிய பெட்டிக்குள் எப்படிப் போகும்? ஆக, விற்றவர் கல்லை வைத்து அனுப்பினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டி பிரிக்கப்பட்டது வியாழன் காலைக்கும் வெள்ளி காலைக்கும் இடையில். அந்த நேரத்தில் அது இருந்த இடங்கள் உங்கள் ஹப், உங்கள் லாரி, உங்கள் அம்பைக் கிளை. நான்காவது இடம் இல்லை.

இந்த விவரம் முழுவதையும் அந்தப் பெண்மணி படங்களோடு உங்களுக்கு அனுப்பினார். அதற்கு வந்த பதில்தான் இந்த மடலின் முதல் வரி. விற்பனை நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? "கூரியர் நிறுவனம் நல்ல நிலையில் ஒப்படைத்ததாகத் தெரிவித்துள்ளது." உங்கள் வாக்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வாக்குக்கு ஆதாரம் அந்த ஓ.டி.பி. இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ள, நடுவில் 18,999 ரூபாய் போனது தையல்காரப் பெண்மணிக்கு.

ஓ.டி.பி. எதை நிரூபிக்கும்? குறிப்பிட்ட தொலைபேசியை வைத்திருப்பவர் அந்த எண்ணைச் சொன்னார் என்பதை நிரூபிக்கும். சரியான ஆளிடம் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல சான்று, மறுக்கவில்லை. என்ன நிலையில் சேர்ந்தது என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நிலையைப் பற்றி நீங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்ததாக எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

இந்த நாட்டில் சரக்கு சுமப்பவர்களுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 81-வது பிரிவைப் பாருங்கள். சரக்கு சேதமாகவோ, பிரித்துப் பார்த்த அடையாளத்துடனோ வந்து, பெறவேண்டியவர் அதைத் திறந்து காட்டித் தரும்படி கேட்டால், ரயில்வே அப்படித் தந்தே ஆகவேண்டும். 'ஓப்பன் டெலிவரி' என்று அதற்குப் பெயர். அஞ்சல் துறையிலும் அந்த வழக்கம் உண்டு. இன்ஷூர் செய்த பார்சலின் எடையைப் பதிவு செய்யும்போதே மேலுறையில் கிராம் கணக்கில் எழுதுவார்கள். சேரும் இடத்தில் சந்தேகம் வந்தால் போஸ்ட் மாஸ்டர் முன்னிலையில் எடை போட்டு, பெறுநரை வைத்துக்கொண்டு திறந்து, உள்ளே இருந்ததைப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வழியில் ஒரு பார்சல் சிதைந்து வந்தால் அதை நாங்களும் ஒட்டியிருக்கிறோம், கட்டியிருக்கிறோம். ஆனால் சும்மா ஒட்டி அனுப்பமாட்டோம். சிதைந்த நிலையில் வந்தது, இன்ன அலுவலகத்தில் மறுபடி கட்டப்பட்டது என்று அதன் மேலேயே எழுதி, தேதி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். பெட்டியைத் திரும்ப ஒட்டுவது குற்றம் இல்லை ஐயா. ஒட்டியவர் யார் என்று சொல்லாமல் ஒட்டுவதுதான் குற்றத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. நேர்மையாக ஒட்டிய பெட்டிக்கும் களவாடி ஒட்டிய பெட்டிக்கும் ஒரே பழுப்பு டேப் என்றால் எங்களால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்? உங்களாலேயே முடியாதே.

உங்களிடம் எடை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பார்சலுக்குக் கட்டணம் போடுவதற்காகவே வழியில் எடையையும் அளவையும் நீங்கள் பதிவு செய்கிறீர்கள். அனுப்புபவர் அறிவித்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அவரிடம் வித்தியாசத்தை வசூலிக்கிறீர்கள். கள்ளிடைக்குறிச்சியில் அப்பளம் அனுப்பும் வியாபாரிகளைக் கேட்டால் அந்தக் கதையைச் சொல்வார்கள். கூடுதல் வசூலிக்கப் பயன்படும் தராசு, வழியில் எடை குறைந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுமா? ஹரியானாவில் அந்தப் பெட்டியின் தராசு எடை என்ன, பாளையங்கோட்டைக்குள் வரும்போது என்ன, வெளியே போகும்போது என்ன என்ற மூன்று எண்களை எடுத்துப் பார்த்தால் இந்தப் புகார் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமில்லை. ஆனாலும் நிலைமை என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்தப் புகாரை அவர்களிடம் தனியாகக் கொடுத்தாகிவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆகவே நீங்கள் நெல்லைக்குத்தான் வரவேண்டியிருக்கும், அவர் உங்கள் தலைமையகத்தைத் தேடி வரவேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தவிர, சுமந்து செல்வதற்காகத் தன்னிடம் ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டேப்லெட்டின் வரிசை எண் விலைச்சீட்டில் இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போனால் அந்த எண்ணோடுதான் போவோம்.

உங்கள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்" என்று ஒரு தொகை அச்சிட்டிருப்பதையும் நான் மறக்கவில்லை. கூரியர் ரசீதில் அனுப்புபவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட அத்தகைய வரம்பு செல்லும் என்று 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கவுன்ட்டரில் பார்சல் போடுகிறவர்கள் அதை மனத்தில் வைத்து, விலை உயர்ந்த பொருளென்றால் தனியாக இன்ஷூர் செய்வது அவசியம். ஆனால் இந்தப் பெண்மணி உங்கள் ரசீது எதிலும் கையெழுத்துப் போட்டவர் அல்ல. அவர் விற்பனை நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர். அந்தப் பொடி எழுத்து அவரைக் கட்டுப்படுத்தும் என்று உங்கள் வக்கீல் சொன்னால், நுகர்வோர் ஆணையத்தில் வந்து சொல்லட்டும்.

இனி நான் கேட்பவை.

முதலில் இந்தப் பெண்மணியின் புகாரை மறுபடி திறக்கவேண்டும். மேலே சொன்ன மூன்று தராசு எடைகளையும் எழுத்தில் தரவேண்டும். புதன் இரவு முதல் வெள்ளி காலை வரை பாளையங்கோட்டை ஹப்பிலும் அம்பைக் கிளையிலும் பதிவான கேமரா காட்சிகளை அழியவிடாமல் இன்றே எடுத்து வைக்கவேண்டும். அவை பழையதன் மேல் புதியது பதிவாகி அழிந்துபோகும் தன்மையுள்ளவை என்பதை அறிந்துதான் 'இன்றே' என்கிறேன். "நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று விற்பனை நிறுவனத்துக்கு நீங்கள் தந்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தபோது பிரிக்கப்பட்டது என்று அவர்களுக்கு எழுதவேண்டும். அது போதும், பணத்தை அவர்களிடமிருந்து அவர் வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது, ஓ.டி.பி. கேட்கும் முறையை மாற்றவேண்டும். பெட்டியைக் கையில் கொடுத்து, ஆறு பக்கமும் பார்க்கவிட்டு, அதற்குப் பிறகுதான் எண் கேட்கவேண்டும். தொலைபேசியில் முன்கூட்டியே கேட்பதை நிறுத்தவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியில் "பெட்டியின் டேப்பைப் பார்த்த பிறகு மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்" என்று தமிழில் ஒரு வரி சேர்க்க உங்களுக்கு ஒரு காசு செலவாகாது. ஊழியரின் போனில் உள்ள பட்டியலில் 'டேப் பிரிந்திருக்கிறது அல்லது மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது' என்ற காரணத்தைச் சேர்க்கவேண்டும். அதை அழுத்தினால் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அந்தக் காரணத்துக்காகப் பார்சலைத் திருப்பிக் கொண்டுவரும் ஊழியருக்கு அந்த நடைக்கான கூலியைக் கொடுக்கவேண்டும். கூலி இல்லையென்றால் அந்தப் பொத்தானை அழுத்த எந்தப் பையனுக்கும் மனம் வராது.

மூன்றாவது, ஹப்பில் பெட்டியை ஒட்ட நேர்ந்தால், உங்கள் பெயர் அச்சிட்ட டேப்பால் மட்டுமே ஒட்டவேண்டும். ஒட்டிய இடம், தேதி, ஒட்டியவரின் ஊழியர் எண், அப்போதைய தராசு எடை நான்கையும் எழுதிய சீட்டு அதன் மேல் இருக்கவேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் வேறு டேப் ஒட்டிய பெட்டி கிளைக்கு வந்தால், கிளை அதை டெலிவரிக்கே அனுப்பக்கூடாது.

நான்காவது, வாசலில் சந்தேகம் எழுந்தால் வாடிக்கையாளர் கேட்டபடி கிளை அலுவலகத்தில் பொறுப்பாளர் முன்னிலையில் திறந்து காட்டும் முறையை ஏற்படுத்தவேண்டும். ஒவ்வொரு பார்சலுக்கும் கேட்கவில்லை. டேப் மாறிய பார்சலுக்கு மட்டும் கேட்கிறேன். ரயில்வேக்குச் சட்டமே விதித்திருக்கும் ஒன்றை நீங்கள் விருப்பத்தோடு செய்யலாம்.

இந்த மடலின் பிரதியை விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் அனுப்புகிறேன். பெட்டி, இரண்டு டேப்புகள், லேபிள், செய்தித்தாள், ஓட்டுத் துண்டு எல்லாம் என் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் அலுவலர் யாராவது வந்தால் சாட்சிகளை வைத்துக்கொண்டு காட்டுவேன், கையில் கொடுக்கமாட்டேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் எழுத்தில் வேண்டும். வராவிட்டால் பதினாறாம் நாள் அந்தப் பெண்மணியின் மனு திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கலாகும். முதல் சாட்சியாக நான் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
அம்பாசமுத்திரம்.